89 மீட்டர் என்று எழுதியவருக்கு எத்தனை மதிப்பெண்? திசைவேக–நேர வரைபடக் கணக்கைத் திருத்தும் முறை

திசைவேக–நேர வரைபடத்தில் கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கண்டுபிடித்துத் தொலைவு சொல்லும் கணக்கு, எழுதுபவருக்கு எளிது, திருத்துபவருக்குத்தான் வம்பு. கடைசி எண்ணைப் பார்த்து மதிப்பெண் போட்டால், தவறான வழியில் போனவருக்குச் சில நேரம் முழு மதிப்பெண் போய்விடும். ஓரிடத்தில் மட்டும் சறுக்கியவருக்குச் சைபர் விழும். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திருத்துவது என்று முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம்.

கணக்கு இதுதான்

ஒரு தள்ளுவண்டி நேர்கோட்டில் ஓடுகிறது. ஓய்விலிருந்து கிளம்பி 4 வினாடியில் 8 மீ/வி திசைவேகத்தை எட்டுகிறது. 10-ஆவது வினாடி வரை அதே திசைவேகத்தில் செல்கிறது. பிறகு கோடு ஒரே சாய்வில் கீழிறங்கி, நேர அச்சைக் கடந்து, 16-ஆவது வினாடியில் −4 மீ/வி என்ற இடத்தைத் தொடுகிறது. அங்கிருந்து ஏறி 20-ஆவது வினாடியில் மறுபடி சுழியத்துக்கு வருகிறது. கேள்வி: (அ) 20 வினாடியில் வண்டி கடந்த மொத்தத் தொலைவு என்ன? 4 மதிப்பெண். (ஆ) இடப்பெயர்ச்சி என்ன? 1 மதிப்பெண்.

வரைபடத் தாளில் ஒரு பெரிய கட்டம் கிடைமட்டமாக 4 வினாடி, செங்குத்தாக 4 மீ/வி. பெரிய கட்டம் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பத்துச் சிறிய பிரிவுகள். 4, 8, 12, 16, 20 ஆகியவை மட்டும் நேர அச்சில் அச்சாகியிருக்கின்றன. 4, 8, 10, 16, 20 ஆகிய எண்கள் கேள்வியிலேயே வந்துவிட்டன. கோடு நேர அச்சைக் கடக்கும் இடம் மட்டும் கேள்வியிலும் இல்லை, அச்சிலும் இல்லை. அதை மாணவர்தான் படிக்க வேண்டும். இந்தக் கணக்கின் உயிர் அந்தப் புள்ளியில் இருக்கிறது.

முதல் வேலை: நீங்களே செய்து பாருங்கள்

விடைக்குறிப்பைத் திறக்கும் முன், மாணவருக்குக் கொடுத்த அதே அச்சுத் தாளில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடக்கும் இடம் 12-க்கு அடுத்து ஐந்து சிறிய பிரிவு தள்ளி. ஒரு பிரிவு 0.4 வினாடி என்பதால் அது 14. சரிபார்க்க வேண்டுமானால் சாய்வைப் பயன்படுத்தலாம்: 10 முதல் 16 வரை ஆறு வினாடியில் திசைவேகம் 12 மீ/வி குறைகிறது, அதாவது வினாடிக்கு 2. எட்டிலிருந்து சுழியத்துக்கு வர நான்கு வினாடி ஆகும். 14 சரிதான்.

பரப்புகள் இப்படி வரும்:

```
0–4     ½ × 4 × 8 = 16
4–10    6 × 8     = 48
10–14   ½ × 4 × 8 = 16     (மேலே மொத்தம் 80)
14–20   ½ × 6 × 4 = 12     (அச்சுக்குக் கீழே)

தொலைவு        80 + 12 = 92 மீ
இடப்பெயர்ச்சி   80 − 12 = 68 மீ
```

மேல் பகுதியைத் துண்டாக்காமல் ஒரே சரிவகமாக எடுப்பவர்களும் உண்டு. இணைப்பக்கங்கள் 14, 6, உயரம் 8, பாதிப்பெருக்கம் 80. இயக்கச் சமன்பாடுகளை வைத்துத் துண்டு துண்டாகச் செய்பவர்களும் இருப்பார்கள். கேள்வியில் ‘பரப்பைப் பயன்படுத்தி’ என்று இல்லாவிட்டால் அதுவும் முறையான வழியே.

மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது

நான்கு மதிப்பெண்ணை நான்கு பரப்புக்கும் ஆளுக்கொன்று என்று பிரிப்பது வழக்கமாகிப் போன பழக்கம். எனக்கு அது சரிப்படுவதில்லை. 6 × 8 = 48 என்று எழுத பரப்பு என்ற எண்ணமே தேவையில்லை; ‘தொலைவு = வேகம் × நேரம்’ என்று மட்டும் தெரிந்தவரும் அதை எழுதுவார். அந்தச் செவ்வகம் எதையும் பிரித்துக் காட்டாது. சாய்ந்த கோட்டுக்கு அடியில் உள்ள முக்கோணம்தான் காட்டும். அதனால் நான் இப்படிப் பிரிக்கிறேன்.

முதல் மதிப்பெண், கோடு அச்சைக் கடக்கும் நேரத்தை 14 என்று சரியாகப் படித்ததற்கு. தாளில் புள்ளி வைத்துக் காட்டியிருந்தாலும், முக்கோணத்தின் அடிப்பக்கம் 4 அல்லது 6 என்று எழுதியிருந்தாலும் போதும். அரைச் சிறு பிரிவு முன்பின் இருக்கலாம், 13.8 முதல் 14.2 வரை ஏற்கலாம்.

இரண்டாவது, அச்சுக்கு மேலுள்ள பரப்பைச் சரியான முறையில் கண்டதற்கு. மூன்றாவது, அச்சுக்குக் கீழுள்ள பரப்பைத் தனியாகக் கண்டதற்கு. குறி எதுவானாலும் பரவாயில்லை. நான்காவது, இரண்டின் அளவையும் கூட்டி அலகோடு தொலைவைச் சொன்னதற்கு. பின் மூன்றிலும், மாணவர் தாம் படித்த நேரத்தை வைத்துச் செய்திருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு முறைதான் வெட்டு.

இதைப் பேப்பர் கட்டைப் பிரிக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பத்துப் பேப்பர் திருத்திய பிறகு விதியை மாற்றினால் அந்தப் பத்தையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த 89

ஒரு மாணவியின் விடை இப்படி இருக்கிறது:

```
½ × 4 × 8   = 16
6 × 8       = 48
½ × 2.5 × 8 = 10
½ × 7.5 × 4 = 15
மொத்தத் தொலைவு = 89 மீ
```

89 தவறு. ஆனால் பேனாவை எடுக்கும் முன், எண்களைப் பின்னோக்கிப் படியுங்கள். 2.5 எங்கிருந்து வந்தது? 10-லிருந்து 12.5 வரை. 7.5? 12.5-லிருந்து 20 வரை. ஆக, கடக்கும் இடத்தை 12.5 என்று படித்திருக்கிறார். ஏன் 12.5? 12-க்கு அடுத்து ஐந்து சிறு பிரிவு, ஒவ்வொன்றையும் 0.1 என்று எடுத்துவிட்டார். ஒரு பெரிய கட்டம் 1 வினாடியாக இருக்கும் தாள்களிலேயே பழகிய கை அது. கூட்டலில் பிழையில்லை, முறையிலும் பிழையில்லை. அளவுத்திட்டத்தைப் படித்ததில்தான் ஒரு சறுக்கல்.

முதல் மதிப்பெண் போகிறது. மேற்பரப்பு அவருடைய எண்ணில் 74. முறை சரி, மதிப்பெண் உண்டு. கீழ்ப்பரப்பு 15, உண்டு. 74-ஐயும் 15-ஐயும் கூட்டி அலகு போட்டிருக்கிறார், அதுவும் உண்டு. நான்குக்கு மூன்று.

ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘ஒரு சிறு பிரிவு எத்தனை வினாடி?’ என்று கேட்டு எழுதுங்கள். இடமிருந்தால் இதையும் சேர்க்கலாம்: 10-லிருந்து 12.5-க்குள் 8 மீ/வி குறைந்தால் வினாடிக்கு 3.2, 12.5-லிருந்து 16-க்குள் 4 மீ/வி குறைந்தால் வினாடிக்கு 1.1 சொச்சம். அப்படியானால் கோடு நடுவில் மடங்கியிருக்க வேண்டும். தாளில் அது நேராகத்தான் போகிறது. தன் எண்ணைத் தானே சோதிக்கும் வழி அவருக்குக் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. வரைபடக் கணக்கு என்பதால் ‘இறுதி விடையில் 5 சதவீதம் வரை முன்பின் ஏற்கலாம்’ என்று விடைக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிடுவார்கள். 92-இல் 5 சதவீதம் 4.6, அப்போது 87.4 முதல் 96.6 வரை எல்லாம் சரி. 89 அதற்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். ஒன்றரை வினாடி தவறாகப் படித்தவருக்கு முழு மதிப்பெண்!

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சுவையாக இருக்கும். கடக்கும் இடத்தை இடப்பக்கம் தள்ளினால் மேல் முக்கோணம் சுருங்குகிறது, கீழ் முக்கோணம் விரிகிறது. கூட்டும்போது ஒன்றின் குறையில் பாதியை மற்றது ஈடுகட்டிவிடுகிறது. ஒரு வினாடி தவறினால் தொலைவு 2 மீட்டர்தான் மாறும். இடப்பெயர்ச்சியோ 6 மீட்டர் மாறும். அதனால் தளர்வை இறுதி விடைக்குக் கொடுக்காமல், படித்த எண்ணுக்குக் கொடுங்கள். 14-க்கு 0.2 முன்பின் என்று முதலிலேயே வைத்தது அதற்காகத்தான். 14.2 என்று படித்தவர் 92.4-க்கு வருவார்; அவருக்கு நான்கும் உண்டு.

பாதியை விட்டவர்கள்

அடுத்து அதிகம் வருவது 136. எல்லா முக்கோணத்திலும் ½ இல்லை: 32, 48, 32, 24. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு முக்கோணத்தில் மட்டும் பாதி விடுபட்டு மற்றவற்றில் இருந்தால் அது கைத்தவறு. அந்தப் பகுதியின் மதிப்பெண்ணை மட்டும் வெட்டிவிட்டு, கூட்டலுக்குரியதைக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றிலும் இல்லையென்றால் கதை வேறு. அவர் பரப்பைக் காணவே இல்லை. ஒவ்வொரு துண்டிலும் உச்சத் திசைவேகத்தை நேரத்தால் பெருக்கியிருக்கிறார். வண்டி கிளம்பிய கணத்திலிருந்தே 8 மீ/வி-யில் ஓடியதாக நினைத்துச் செய்த கணக்கு.

இரண்டாவது மூன்றாவது மதிப்பெண்கள் முறைக்கு உரியவை. முறையே இல்லாததால் கிடைக்காது. அந்தப் பரப்புகளின் மேல் நிற்கும் நான்காவதும் கிடைக்காது. மாணவரின் எண்ணைத் தொடர்ந்து திருத்துவது எண்ணுக்குத்தான். தவறான முறையைத் தொடர்ந்து போய் மதிப்பெண் அள்ளிக் கொடுக்க முடியாது. 14 சரியாக இருப்பதால் ஒன்று. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் கேள்வி சோதிக்க வந்ததே இதைத்தான்.

கழித்தவர்களும் விட்டவர்களும்

(அ)-வுக்கு 68 என்று எழுதியவர் எல்லாப் பரப்பையும் சரியாகக் கண்டு, கீழ்ப்பகுதியைக் கழித்துவிட்டார். தொலைவைக் கேட்டால் இடப்பெயர்ச்சியைச் சொல்லியிருக்கிறார். கடைசி மதிப்பெண் மட்டும் போகிறது, மூன்று உண்டு. கீழ்ப்பரப்பை −12 என்று எழுதியதற்காக மூன்றாவதிலும் கைவைக்க வேண்டாம். அந்தக் குறி திசையைச் சொல்கிறது, பிழையல்ல.

அவரே (ஆ)-வுக்கு 92 என்று எழுதியிருந்தால்? இரண்டும் இடம் மாறிவிட்டன, ஒரே பிழைதானே என்று சில திருத்துபவர்கள் (ஆ)-வைக் கொடுத்துவிடுவார்கள். நான் கொடுப்பதில்லை. எண்ணில் நேர்ந்த சறுக்கல் அடுத்த படிக்குத் தானாகப் பரவும். அதை இரண்டாம் முறை தண்டிப்பது நியாயமில்லை. இங்கே எதுவும் பரவவில்லை. இரண்டு கேள்வியும் தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தனியாகக் கேட்கின்றன, இரண்டிலும் தவறான பதில் வந்திருக்கிறது.

80 என்று நிறுத்தியவர் கீழ்ப்பகுதியைக் கண்டுகொள்ளவே இல்லை. 14-க்கு ஒன்று, மேற்பரப்புக்கு ஒன்று, இரண்டோடு முடிந்தது.

ஒரே எண், இரண்டு வழி

108 என்ற விடை வந்தால் நிதானமாகப் பாருங்கள். அதற்கு வருவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: மேல் பகுதியைச் சரிவகமாக எடுத்து, மேல் பக்கத்துக்கு 6-க்குப் பதில் 10 போட்டது. ½ × (14 + 10) × 8 = 96; கீழே 12; மொத்தம் 108. கேள்வியில் இருந்த ‘10-ஆவது வினாடி’ என்ற கணத்தை, ‘10 வினாடி’ என்ற கால அளவாக எடுத்துக்கொண்டார். மேற்பரப்பு மதிப்பெண் போகிறது. 14 சரி, கீழ்ப்பரப்பு சரி, கூட்டல் அவர் எண்ணுக்குச் சரி. மூன்று.

இரண்டாம் வழி: கடக்கும் இடத்தைப் பார்க்காமல், 10 முதல் 16 வரை ஒரே துண்டாக எடுத்தது. இரு முனையிலும் குறியை உதறிவிட்டு ½ × (8 + 4) × 6 = 36 என்கிறார். 16, 48, 36, கடைசித் துண்டு 8; மொத்தம் அதே 108. தாளில் அப்படியொரு சரிவகமே கிடையாது. கோட்டின் ஒரு முனை அச்சுக்கு மேலே, மறுமுனை கீழே. 14 இல்லை, கீழ்ப்பரப்பு தனியாக இல்லை, கூட்டலும் தொலைவைச் சொல்லவில்லை. முதல் இரண்டு துண்டில் முறை சரியாக இருப்பதால் இரண்டாவது மதிப்பெண்ணைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். ஆக ஒன்று.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு: 84. இயக்கச் சமன்பாட்டில் ஆறு வினாடியையும் ஒரே அடியில் போட்டவர்களிடம் வரும்.

```
s = ut + ½at² = 8 × 6 − ½ × 2 × 36 = 12
```

கணக்கு அப்பழுக்கில்லாதது. ஆனால் அந்த 12, முன்னே போன 16-இலிருந்து திரும்பி வந்த 4-ஐக் கழித்த மிச்சம். அது இடப்பெயர்ச்சி. 16 + 48 + 12 + 8 என்று கூட்டும்போது எட்டு மீட்டர் காணாமல் போகிறது. கீழ்ப்பகுதிக்கு வந்த 12-உம் இதுவும் ஒன்றல்ல. எண் ஒத்திருப்பதைப் பார்த்து மூன்றாவது மதிப்பெண்ணைப் போட்டுவிடாதீர்கள். இவருக்கும் ஒன்றுதான். ஓரக்குறிப்பாக, ‘வண்டி எப்போது நின்று திரும்பியது?’ என்ற கேள்வியை எழுதினால் போதும்.

கட்டம் எண்ணியவர்கள்

கட்டங்களை எண்ணிப் பரப்புக் காண்பதும் செல்லும் முறைதான். இந்தத் தாளில் ஒரு பெரிய கட்டம் 4 × 4 = 16 மீட்டர்; ஒரு சிறிய கட்டம் 0.4 × 0.4 = 0.16 மீட்டர். மேலே ஐந்து பெரிய கட்டம், கீழே முக்கால் கட்டம். 5.75 × 16 = 92. சாய்ந்த கோடு வெட்டிச் செல்லும் அரைகுறைக் கட்டங்களைக் கண்மதிப்பில் எண்ணுவதால் இவர்களுக்கு மட்டும் பரப்பில் தளர்வு வேண்டும். மேலே 80-க்கு 3, கீழே 12-க்கு 1 என்று கொடுக்கலாம். எண்ணுவதற்கு 14 தேவைப்படாது என்பதால், மேலும் கீழும் பிரித்து எண்ணியிருந்தாலே முதல் மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

வெறும் ‘5.75 மீ’ என்று முடித்தவர் பரப்பு வேண்டும் என்பதை உணர்ந்திருக்கிறார். ஒரு கட்டத்தின் மதிப்பை மட்டும் விட்டுவிட்டார். இறுதி மதிப்பெண்ணை வெட்டினால் போதும்.

‘92 மீ²’ அப்படியல்ல. பரப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சதுர மீட்டர் போட்டுவிடுகிறார்கள். வினாடியை மீ/வி-யால் பெருக்கினால் மீட்டர்தான் மிஞ்சும் என்பது மனதில் இல்லை. கடைசி மதிப்பெண் கிடையாது. விடைக்கோட்டின் முனையில் ‘மீ’ என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்தால் மட்டும், அலகு எழுதாதவரை விட்டுவிடலாம்.

(ஆ)-வைத் திருத்தும்போது

(ஆ)-வுக்குத் திருத்துபவர் கையில் இருக்க வேண்டிய எண் 68 அல்ல. மாணவரின் மேற்பரப்பிலிருந்து கீழ்ப்பரப்பைக் கழித்தால் வருவது. 89 எழுதிய மாணவிக்கு அது 74 − 15 = 59. அவர் 59 மீ என்று எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டு. அவர் 68 என்று எழுதியிருந்தால் சற்று யோசிக்க வேண்டும்: தன் எண்களிலிருந்து அது வரவே வராது. தனியாக வேறு வழியில் கண்டதற்கான வேலை தாளில் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் கொடுக்க முடியாது.

வழியே காட்டாமல் 89, 59 என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதி வைத்த பேப்பரும் வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 74, கழித்துப் பாதியாக்கினால் 15 என்று அவர் மனதில் போட்ட பரப்பைத் திருத்துபவரே தோண்டி எடுத்துவிடலாம். சுவாரசியமான வேலைதான். ஆனாலும் கேள்வித்தாளில் ‘வழிமுறையைக் காட்டுக’ என்று இருந்தால், தோண்டிய உழைப்புக்கு மதிப்பெண் திருத்தியவருக்கே தவிர எழுதியவருக்கு இல்லை. அந்த வரி இல்லாத தேர்வில், வெறும் 92-க்கு நான்கும் கொடுக்க வேண்டியிருக்கும். வெறும் 89-க்கு ஒன்றும் கொடுக்க முடியாது.